அப்பா தவறிவிட்டார், கடைக் கதவில் என்ன எழுதி ஒட்டுவது?

பலகாரக்கடை மகள் | 13 நவம்பர் 2025, இரவு 9.10

காரைக்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊர். அப்பா 26 வருடமாகப் பலகாரக் கடை வைத்திருந்தார். தேன்குழல், கைமுறுக்கு, சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம். கல்யாணச் சீருக்கு ஆர்டர் எடுப்பதுதான் பெரிய வரும்படி. போன ஞாயிறு, 9ஆம் தேதி விடியற்காலை அப்பா தவறிவிட்டார். அன்று காலையிலேயே பக்கத்து டீக்கடை அண்ணன் ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் "ஓனர் இறந்துவிட்டதால் கடை லீவு" என்று எழுதி ஷட்டரில் ஒட்டிவிட்டார். நல்ல மனதோடு செய்தார், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு வருகிறார்கள். துக்கம் கேட்டு முடித்து, கிளம்பும்போது வாசலில் நின்று தயங்கித் தயங்கி, "அந்த 30ஆம் தேதி ஆர்டர்..." என்று இழுக்கிறார்கள். அவர்களுக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம்.

24ஆம் தேதி பதினாறாம் நாள் காரியம். காரியம் முடிந்த மறுநாளே கடை திறக்க வேண்டாம், 26 புதன் காலை திறக்கலாம் என்று அம்மா சொல்லிவிட்டார்கள். அண்ணன் ஓமனில் இருக்கிறான், காரியம் முடிந்ததும் கிளம்பிவிடுவான். இனிமேல் கடையை நான்தான் பார்க்கப் போகிறேன். பக்குவம் போடும் மாஸ்டர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

புது அறிவிப்புக்கு நான் எழுதி வைத்திருப்பது இது:

> எங்கள் அன்புத் தந்தையார் 9.11.2025 அன்று இறைவனடி சேர்ந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். ஆகவே கடைக்கு 25.11.2025 வரை விடுமுறை. 26.11.2025 முதல் கடை வழக்கம்போல் இயங்கும். தங்கள் ஆதரவை என்றும் நாடும், குடும்பத்தார்.

இது போதுமா? வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா?

ஃப்ளெக்ஸ் மாரி | 13 நவம்பர், இரவு 9.32

ஆழ்ந்த இரங்கல் தங்கச்சி. வாசகம் கொஞ்சம் சின்னதாக இருக்கிறது. ஆறுக்கு நாலு ஃப்ளெக்ஸ் போடுங்கள், மேலே இரண்டு பக்கமும் தீபம், நடுவில் படம், தோற்றம் மறைவு தேதி, கீழே வருந்தும் உறவினர் பெயர்கள். படம் மட்டும் நல்ல தெளிவாக வேண்டும். ஆதார் அட்டைப் படத்தைக் கொண்டு வந்து நீட்டுகிறார்கள், பெரிதாக்கினால் முகமே தெரியாது.

பலகாரக்கடை மகள் | 13 நவம்பர், இரவு 9.40

நன்றி அண்ணா. கண்ணீர் அஞ்சலி பேனர் சங்கத்தில் ஏற்கெனவே வைத்துவிட்டார்கள். நான் கேட்பது ஷட்டரில் ஒட்டும் அறிவிப்பைப் பற்றி.

வடக்கு வீதி | 13 நவம்பர், இரவு 10.05

வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு தையல்காரர் இறந்தபோது "சில நாட்கள் விடுமுறை" என்று ஒட்டினார்கள். உள்ளே என் மகளின் பட்டு பிளவுஸ் மூன்று இருந்தன. போன் நம்பர் இல்லை. ஒரு மழையில் எழுத்து கரைந்து நீலத் தண்ணீராக வழிந்து, கடைசியில் "விடுமு" மட்டும் மிஞ்சியது. இரண்டு மாதம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே போனேன். அவர்களைத் திட்டவும் மனம் வரவில்லை.

அதனால் முதல் விஷயம்: இது மழைக்காலம், ஸ்கெட்ச் பேனா வேண்டவே வேண்டாம். பெர்மனென்ட் மார்க்கரில் எழுதி பிளாஸ்டிக் கவருக்குள் போடுங்கள், அல்லது லேமினேட் செய்யுங்கள். இரண்டாவது: ஷட்டர் தகட்டின் மேல் ஒட்டினால் ஒருமுறை ஏற்றி இறக்கியதும் சுருண்டு கிழிந்துவிடும். பக்கத்துத் தூணில் கண் மட்டத்தில் ஒட்டுங்கள், இல்லையென்றால் பூட்டுக் கொக்கியில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். ஆர்டர் கொடுத்தவன் வந்து முதலில் பார்ப்பது பூட்டைத்தான்.

மூன்றாவதுதான் முக்கியம். உங்கள் வாசகத்தில் எனக்கு வேண்டிய ஒரே விஷயம் இல்லை. நான் முன்பணம் கொடுத்திருக்கிறேன், பலகாரம் வருமா வராதா?

மஞ்சப்பை | 13 நவம்பர், இரவு 10.48

மதுரையில் கடை வைத்திருக்கிறேன், அனுபவத்தில் சொல்கிறேன். "எங்கள் தந்தையாருக்குக் கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள் 15 நாட்களுக்குள் தொடர்பு கொள்ளவும், அதன்பிறகு நாங்கள் பொறுப்பல்ல" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பிறகு யாரும் வந்து கேட்க முடியாது. அப்புறம் ஜிஎஸ்டி போர்ட்டலில் அப்பா பெயரை எடுத்துவிட்டு உங்கள் பெயரைப் போட்டுவிடுங்கள், திருத்தம் மாதிரிதான். எங்கள் அப்பா போனபோது அப்படித்தான் செய்தோம். ஒரு வாரத்தில் முடிந்தது.

பில்புக் | 14 நவம்பர், காலை 7.15

ஆடிட்டர் ஆபீஸில் பல வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். மஞ்சப்பை அண்ணன் சொன்ன இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கதவில் ஒரு வரி எழுதி ஒட்டுவதால் கடன் மறையாது. அப்பா வாங்கிய கடனுக்கு, அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு வாரிசுகள் பதில் சொல்ல வேண்டும். அதற்கு மேல் உங்கள் சொந்தப் பணத்தில் இல்லை. நீங்களாக 15 நாள் கெடு வைத்தால் சட்டம் அதை மதிக்காது. வாடிக்கையாளருக்கோ அது மிரட்டலாகப் படும். சீருக்கு ஆர்டர் கொடுத்த குடும்பம் அந்த வரியைப் படித்தால் அடுத்த கல்யாணத்துக்கு வேறு கடைக்குப் போய்விடும்.

ஜிஎஸ்டியில், கடை அப்பாவின் தனிப்பெயரில் இருந்ததா, பார்ட்னர்ஷிப்பா என்பதைப் பொறுத்தது. அண்ணே, உங்களுடையது பார்ட்னர்ஷிப்தானே?

மஞ்சப்பை | 14 நவம்பர், காலை 8.02

ஆமாம். அப்பா, சித்தப்பா, நான். மூன்று பேர்.

பில்புக் | 14 நவம்பர், காலை 8.20

அதுதான் வித்தியாசம். பார்ட்னர்ஷிப்புக்குத் தனி பான் நம்பர் இருக்கிறது. ஒருவர் போனால் அவர் பெயரை மட்டும் எடுத்துவிடலாம், நம்பர் அப்படியே நிற்கும். தனிப்பெயர்க் கடையின் ஜிஎஸ்டி நம்பரோ உரிமையாளரின் சொந்த பான் மேல் உட்கார்ந்திருக்கிறது. GSTIN-ஐ எடுத்துப் பாருங்கள், முதல் இரண்டு இலக்கம் மாநிலத்துக்கு, அடுத்த பத்து எழுத்தும் அப்பாவின் பான்தான். அதை மகள் பெயருக்குத் திருத்த வழியே இல்லை. மகள் புதிதாகப் பதிவு எடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் காரணம் கேட்கும் இடத்தில் உரிமையாளர் இறப்பு என்று குறிப்பிட வேண்டும். தொழிலை ஏற்ற நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பித்துவிட்டால் அந்தப் பழைய தேதியிலிருந்தே பதிவு செல்லும். உங்கள் கணக்குக்கு டிசம்பர் 9-க்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி, இதைக் கதவறிவிப்பு இழையில் ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் எழுதியிருக்கும் "வழக்கம்போல் இயங்கும்" என்ற வார்த்தைதான். 26ஆம் தேதி எதெல்லாம் வழக்கம்போல் இருக்கும், எதெல்லாம் இருக்காது என்று முதலில் பாருங்கள். பில் புத்தகத்தில் அப்பாவின் நம்பர் அச்சாகியிருக்கும், அதில் பில் போடக்கூடாது. கல்லாவில் இருக்கும் க்யூஆர் அப்பா கணக்குக்குப் போகும். உணவு உரிமம் அப்பா பெயரில். மூன்றும் மூன்று விதம்.

பலகாரக்கடை மகள் | 14 நவம்பர், காலை 11.30

க்யூஆர் என்று சொன்னதும் திக்கென்றது. ஒரு ஸ்டிக்கர் கல்லாவில் இருக்கிறது, இன்னொன்று வெளியே ஷட்டர் ஓரத்துச் சுவரில். நேற்று ஒருவர் பழைய பாக்கி 1,850 ரூபாயை, பூட்டிய கடை முன்னால் நின்று, அந்தச் சுவர் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்து போட்டுவிட்டு எனக்குப் படம் அனுப்பினார். திரையில் அப்பா பெயர் வந்திருக்கிறது. அவருக்குக் கடனைத் தீர்த்த நிம்மதி. கடைக்குள் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்குச் சார்ஜ் இருந்திருந்தால் பூட்டிய கடைக்குள்ளிருந்து "ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று குரல் வந்திருக்கும். அதை நினைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தேன்.

வங்கிக்கு இன்னும் சொல்லவில்லை. அப்பாவின் பின் நம்பர் எனக்குத் தெரியும். கடையைத் திறக்கும் செலவுக்கு எடுத்துவிட்டு அப்புறம் சொல்லலாமா என்று அண்ணன் கேட்கிறான்.

ஓய்வுபெற்ற கேஷியர் | 14 நவம்பர், பகல் 12.15

எடுக்காதீர்கள் அம்மா. உங்கள் வீட்டில் சண்டை இல்லை என்பது எனக்குத் தெரிகிறது. ஆனாலும் இறந்த தேதிக்குப் பிறகு அவர் பின் நம்பரில் பணம் எடுத்ததாகக் கணக்கில் ஒரு வரி இருந்தால், நாளைக்கு யார் எடுத்தது, எதற்கு எடுத்தது என்று எல்லா வாரிசுக்கும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். நான் கவுன்ட்டரில் இருந்த காலத்தில் அண்ணன் தம்பிகள் பிரிந்ததை இந்த ஒரு வரியில் பார்த்திருக்கிறேன்.

வங்கிக்குத் தெரிவித்ததும் கணக்கிலிருந்து எடுப்பதை நிறுத்துவார்கள். அம்மா நாமினியாக இருந்தால் இறப்புச் சான்றிதழும் அம்மாவின் அடையாளமும் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். நாமினி பெறுவது எல்லா வாரிசுகளின் சார்பாகத்தான், பணம் முழுவதும் நாமினிக்கே சொந்தமாகிவிடாது. இறந்தவர் பெயருக்கு இனி வரும் பணத்துக்கு இரண்டு வழி உண்டு. குடும்பம் எழுதிக்கொடுத்தால், இறந்தவரின் எஸ்டேட் என்ற பெயரில் ஒரு கணக்கு தொடங்கி அதில் வரவு வைக்கலாம். இல்லையென்றால் கணக்குதாரர் இறந்துவிட்டார் என்று குறித்து அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள். உங்கள் 1,850 வங்கிக்குத் தெரிவிக்கும் முன்பே வந்துவிட்டது, கணக்கில்தான் இருக்கும். அடுத்தவர் போடும் பணம் திரும்பிப் போகலாம். அவர் "நான் கட்டிவிட்டேன்" என்பார், நீங்கள் "வரவில்லை" என்பீர்கள்.

இன்றைக்கே ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சுவர் ஸ்டிக்கரை மூடி ஒட்டுங்கள். அறிவிப்பிலும் ஒரு வரி வேண்டும்.

நாகூர் தம்பி | 14 நவம்பர், மாலை 5.40

அல்லாஹ் உங்கள் குடும்பத்துக்குப் பொறுமையைத் தரட்டும் அக்கா. எங்கள் மாமா வஃபாத்தானபோது நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவுமா என்று பாருங்கள். அவர் கைக்கடிகாரம் ரிப்பேர் கடை வைத்திருந்தார். எங்களில் துக்கம் மூன்று நாள்தான், நான்காம் நாள் கடை திறக்க யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் திறந்து என்ன செய்வது? ரிப்பேர் தெரிந்தவர் எங்களில் யாரும் இல்லை. உள்ளே நாற்பதுக்கு மேல் கடிகாரங்கள், ஒவ்வொன்றும் சின்னக் காகிதக் கவரில், கவர் மேல் ஒரு எண். அந்த எண்ணுக்குரிய நோட்டில் மாமா தனக்கு மட்டும் புரியும் சுருக்கெழுத்தில் எழுதியிருந்தார். "சி.கா. மஞ். 150" என்று ஒரு வரி. சின்னக் கடைத்தெரு காதர், மஞ்சள் டயல் என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது.

நாங்கள் "கடை திறக்கப்படும்" என்று எழுதவில்லை. "ரிப்பேருக்குக் கொடுத்த கடிகாரங்களைத் திரும்பப் பெற மட்டும், மாலை 5 முதல் 7 வரை, இந்தத் தேதி வரை. சீட்டு இல்லாதவர்கள் கடிகாரத்தின் அடையாளம் சொல்ல வேண்டும்" என்று எழுதினோம். அதனால் வந்தவர்கள் புது வேலை கொடுக்க வரவில்லை, வாங்கிக்கொண்டு போக வந்தார்கள். ஆறு கடிகாரம் இன்னும் வீட்டு பீரோவில் இருக்கிறது. யாருடையது என்றே தெரியவில்லை.

வடக்கு வீதி | 14 நவம்பர், மாலை 6.05

தம்பி சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. கடை திறக்கும் நாள் வேறு, வாங்கிய ஆர்டரை முடிக்கும் நாள் வேறு. 26ஆம் தேதி திறந்தால் 30ஆம் தேதி சீருக்கு அதிரசம் தயாராகுமா? அரிசியை ஊறவைத்து இடித்து, பாகு எடுத்து, மாவு புளிக்கவிட வேண்டாமா?

பலகாரக்கடை மகள் | 15 நவம்பர், காலை 10.20

ஆர்டர் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். அப்பா எழுத்து தெளிவாகத்தான் இருக்கிறது, நல்லவேளை. முன்பணம் வாங்கியவை ஏழு. அவற்றில் 26-க்கு முன்னால் கொடுக்க வேண்டியவை இரண்டு. அந்த இரண்டு வீட்டுக்கும் நானே போன் செய்து, முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். ஒருவர் வாங்கிக்கொண்டார். இன்னொருவர், "உன் அப்பா கையால் என் மூத்தவளுக்குச் சீர் வந்தது, பணத்தை வைத்துக்கொள், சின்னவளுக்கு வாங்கிக்கொள்கிறேன்" என்றார். சின்னவள் பத்தாவது படிக்கிறாள்.

30ஆம் தேதி ஆர்டரில் அதிரசம் 101, தேன்குழல் 101, மாவுருண்டை. மாஸ்டரிடம் கேட்டேன். அதிரச மாவுக்கு இரண்டு மூன்று நாள் வேண்டும், 26 காலை அரிசி நனைத்தால் 29 ராத்திரி சுட்டு முடிக்கலாம், ஆனால் ஒரு நாள்கூடத் தாமதிக்க இடமில்லை என்கிறார். வீட்டில் தீட்டு இருக்கும்போது சீர்ப் பலகாரம் செய்யலாமா என்று பெரியம்மா கேட்கிறார். காரியம் முடிந்துவிடுமே என்றால், "கல்யாண வீட்டுக்காரர்களுக்கு மனம் ஒப்புமா, அதைக் கேட்டாயா" என்கிறார். அது நியாயமாகத்தான் படுகிறது. இன்று மாலை அவர்களையே கேட்கப் போகிறேன்.

பில்புக் அண்ணா, உணவு உரிமமும் ஜிஎஸ்டி மாதிரிப் புதிதாகத்தான் எடுக்க வேண்டுமா? அப்படியென்றால் 26 என்று தேதி போடுவதே தப்பாகிவிடுமே.

பில்புக் | 15 நவம்பர், பகல் 1.10

இல்லை, அதில் விதி உங்கள் பக்கம் இருக்கிறது. உணவு உரிமம் வைத்திருப்பவர் இறந்தால், இறந்த நாளிலிருந்து 90 நாள் வரை அது குடும்பத்தாருக்காக உயிரோடு இருக்கும். அதற்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், அதிகாரி விரும்பினால் காலம் நீட்டித்தும் தரலாம். நவம்பர் 9 முதல் எண்ணினால் பிப்ரவரி 7 வருகிறது. அதுவரை தள்ளாதீர்கள். வாரிசுச் சான்றிதழும், அம்மாவும் அண்ணனும் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தந்த கடிதமும் கையில் வந்ததும் போட்டுவிடுங்கள். அண்ணன் ஓமனுக்குக் கிளம்பும் முன் கையெழுத்தை வாங்கிவிடுங்கள், அதை எல்லோரும் மறக்கிறார்கள். ஆக 26 என்று தாராளமாகப் போடலாம்.

ஜிஎஸ்டியில் வரிசை முக்கியம். முதலில் உங்கள் பெயரில் புதுப் பதிவு. அப்புறம் அப்பாவின் லாகினிலிருந்து ITC-02, அதில்தான் எண்ணெய், சர்க்கரை, மாவு வாங்கியபோது கட்டிய வரியின் மிச்சம் உங்கள் நம்பருக்கு வரும். அதற்குச் சார்ட்டர்ட் அக்கவுன்ட்டன்ட் சான்று வேண்டும். கடைசியாகத்தான் REG-16, அப்பாவின் பதிவை ரத்து செய்ய. நிறையப் பேர் துக்கத்தில் அவசரப்பட்டு ரத்தை முதலில் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் மிச்ச வரியை மாற்ற வழி தேடி அலைகிறார்கள். மிச்சம் பெரிய தொகை இல்லை என்றால் விட்டுவிடலாம், அது உங்கள் ஆடிட்டர் பார்த்துச் சொல்லட்டும்.

இதில் யாரும் சொல்லாத ஒன்று. அப்பாவின் சிம் கார்டை அணைத்துவிடாதீர்கள், ரீசார்ஜ் செய்து வையுங்கள். ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும். சிம் போய்விட்டால், இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி ஜிஎஸ்டி அதிகாரியிடம் போய், உங்களைக் கையொப்பமிடும் உரிமை உள்ளவராகச் சேர்க்கச் சொல்ல வேண்டும். செய்வார்கள், ஆனால் அலைச்சல்.

மஞ்சப்பை | 15 நவம்பர், பகல் 1.45

அப்போ 26-லிருந்து புது நம்பர் வரும் வரை பில் எப்படிப் போடுவது? அதையும் சொல்லிவிடுங்கள். கடைக்கு ஜிஎஸ்டியே தேவையில்லை என்றுகூடச் சொல்லலாம் அல்லவா, சரக்கு விற்பவர்களுக்கு 40 லட்சம் வரை வேண்டியதில்லையே.

பில்புக் | 15 நவம்பர், பகல் 2.30

40 லட்சம் புதிதாகத் தொழில் தொடங்குபவருக்குச் சரி. ஏற்கெனவே பதிவு பெற்றவரின் தொழிலை அப்படியே ஏற்று நடத்துபவர், ஏற்ற நாளிலிருந்தே பதிவு எடுக்க வேண்டும் என்று சட்டத்தில் தனியாக இருக்கிறது. இந்தச் சின்னக் கடைக்கு அதை எவ்வளவு கறாராகப் பார்ப்பார்கள் என்பதில் எங்கள் ஆபீஸிலேயே இரண்டு கருத்து. அப்பாவின் நம்பர் வைத்திருந்த கடை, மகள் அதே பெயரில் நடத்துகிறாள் என்றால் எடுத்துவிடுவதே நல்லது என்பேன்.

இடைப்பட்ட நாட்களுக்கு, ஜிஎஸ்டி நம்பர் போடாத சாதாரண பில் புத்தகம் ஒன்று வாங்கி அதில் எழுதுங்கள், வரிசை எண் தவறாமல். புதுப் பதிவு வந்தபின் ஒரு மாதத்துக்குள், அந்த நாட்களுக்குத் திருத்திய வரி பில் கொடுக்க வழி இருக்கிறது. வீட்டுக்கு வாங்குபவர் கேட்க மாட்டார். நீங்கள் பாக்கெட் போட்டுக் கொடுக்கும் கடைக்காரர்கள்தான் கேட்பார்கள்.

ஓய்வுபெற்ற கேஷியர் | 15 நவம்பர், மாலை 4.00

இன்னொன்று. அறிவிப்பில் வீட்டு முகவரி போடாதீர்கள். அஸ்தி கரைக்க ராமேஸ்வரம் போகிறோம், இன்ன நாள் வீட்டில் இருக்க மாட்டோம் என்பதையெல்லாம் கதவில் எழுதினால் திருடனுக்கு நாமே அழைப்பிதழ் வைத்த மாதிரி. போன் நம்பர் ஒன்றே ஒன்று போதும்.

பலகாரக்கடை மகள் | 16 நவம்பர், இரவு 8.50

கல்யாண வீட்டில் கேட்டேன். பெண்ணின் பாட்டி மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "காரியம் முடிஞ்சு செய்யிறதுக்கு என்ன, செய்யி" என்றார். ஆனால் அதிரசத்தை மட்டும் மாஸ்டர் தன் வீட்டில் சுடட்டும் என்று கேட்டுக்கொண்டார். சரி என்றுவிட்டேன். பெரியம்மாவுக்கு இன்னும் திருப்தி இல்லை.

எல்லோரும் சொன்னதை வைத்துத் திருப்பி எழுதினேன். "வழக்கம்போல்" என்பதை எடுத்துவிட்டேன்.

> எங்கள் தந்தையார் 9.11.2025 ஞாயிறு அன்று இறைவனடி சேர்ந்தார்.
>
> கடை 26.11.2025 புதன் காலை 9.30 மணிக்கு மீண்டும் திறக்கப்படும். நவம்பர் 30 வரை மாலை 6 மணிக்கு அடைக்கப்படும்.
>
> முன்பணம் கொடுத்தவர்கள்: நவம்பர் 26-க்குப் பிறகு கொடுக்க வேண்டிய ஆர்டர்கள் அனைத்தும் சொன்ன தேதியில் தரப்படும். வேண்டாம் என்பவர்களுக்கு முன்பணம் திருப்பித் தரப்படும். துண்டுச் சீட்டு இல்லாவிட்டாலும் எங்கள் நோட்டில் பதிவு உள்ளது.
>
> புதிய ஆர்டர்கள் (கார்த்திகைப் பொரி உருண்டை உட்பட) டிசம்பர் 1 முதல் எடுக்கப்படும்.
>
> பழைய க்யூஆர் ஸ்டிக்கரில் பணம் அனுப்ப வேண்டாம். பாக்கி உள்ளவர்கள் கடை திறந்தபின் தந்தால் போதும்.
>
> தொடர்புக்கு (காலை 10 முதல் 12 வரை): 98xxx xxxxx, மகள்.

வடக்கு வீதி | 16 நவம்பர், இரவு 9.15

இதுதான். "துண்டுச் சீட்டு இல்லாவிட்டாலும்" என்ற வரியைப் படித்ததும் எனக்கே ஆர்டர் கொடுக்கத் தோன்றுகிறது. ஒரே ஒரு திருத்தம்: கார்த்திகை டிசம்பர் 3. டிசம்பர் 1-ல் ஆர்டர் எடுத்து 3-ல் பொரி உருண்டை கொடுப்பீர்களா?

பலகாரக்கடை மகள் | 16 நவம்பர், இரவு 9.22

அடக் கடவுளே. அதைக் கவனிக்கவில்லை. மாஸ்டரைக் கேட்டால் இந்த வருடம் பொரி உருண்டை வேண்டாம் என்பார். எடுத்துவிடுகிறேன்.

ஃப்ளெக்ஸ் மாரி | 16 நவம்பர், இரவு 9.41

ஏ-த்ரீயில் பிரின்ட் எடுத்து லேமினேட் செய்து வைக்கிறேன் தங்கச்சி, காசு வேண்டாம். கடை திறக்கும் தேதியை மட்டும் சிவப்பில் போடவா?

பலகாரக்கடை மகள் | 16 நவம்பர், இரவு 9.45

கறுப்பே இருக்கட்டும் அண்ணா. எழுத்து மட்டும் தடிமனாக.

பலகாரக்கடை மகள் | 28 நவம்பர், இரவு 10.30

கடை திறந்து மூன்று நாள் ஆகிறது. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

அறிவிப்பு ஒட்டிய பிறகு வீட்டு வாசலில் ஆர்டர் கேட்டு வந்தவர் ஒருவர்தான். போன்தான் வந்தது, பெரும்பாலும் நான் எழுதிய 10 முதல் 12-க்குள். அதில் ஒரு போன், கடலை எண்ணெய் டின் சப்ளை செய்ததில் அப்பா 18,000 ரூபாய் பாக்கி, உடனே இந்த நம்பருக்கு அனுப்புங்கள் என்று. எந்த மாதம், எத்தனை டின், பில்லைப் படமெடுத்து அனுப்புங்கள் என்றேன். அனுப்புகிறேன் என்றவர் அப்புறம் கூப்பிடவே இல்லை. அப்பா எண்ணெய் வாங்குவது இரண்டே இடத்தில், இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து துக்கம் கேட்டுவிட்டுப் போனவர்கள். கதவில் நம்பர் போடுகிறவர்கள் இதற்குத் தயாராக இருங்கள்.

புது க்யூஆர் என் சேமிப்புக் கணக்கில் தற்காலிகமாக வைத்திருக்கிறேன். முதல் நாள் ஸ்கேன் செய்த ஒருவர் திரையில் என் பெயரைப் பார்த்துவிட்டு, சரியான கடைதானா என்று தலையைத் தூக்கி போர்டைப் பார்த்தார். ஜிஎஸ்டி விண்ணப்பம் நேற்றுப் போட்டாயிற்று. பாக்கெட் எடுக்கும் ஒரு கடைக்காரர் மட்டும் நம்பர் போட்ட பில் இல்லாமல் சரக்கு எடுக்க மாட்டேன் என்று நிற்கிறார். திருத்திய பில் தருவேன் என்றாலும் கேட்கவில்லை. பில்புக் அண்ணா, அவருக்குக் காட்ட ஏதாவது இருக்கிறதா?

அதிரச மாவு இரண்டு நாளாக மாஸ்டர் வீட்டில் இருக்கிறது. இன்று கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "பதம் வந்துருச்சு, நாளைக்கு மத்தியானம் சட்டி வைக்கலாம்" என்றார்.

பில்புக் | 29 நவம்பர், காலை 6.50

விண்ணப்பம் போட்டதும் வந்த ARN எண்ணைக் காட்டிப் பாருங்கள். கேட்பாரா என்று சொல்ல முடியாது, அவர் ஆடிட்டரைப் பொறுத்தது. கேட்காவிட்டால் நம்பர் வரும் வரை அவருக்குச் சரக்கை நிறுத்திவையுங்கள். அவசரத்தில் பழைய பில் புத்தகத்தை மட்டும் கையில் எடுத்துவிடாதீர்கள்.

வடக்கு வீதி | 29 நவம்பர், காலை 7.30

அந்த அறிவிப்பைக் கழற்றிவிட்டீர்களா?

பலகாரக்கடை மகள் | 29 நவம்பர், காலை 7.48

கடை திறந்த அன்றே கழற்றினேன். ஆர்டர் பற்றிய வரிகள் 30 வரை வேண்டும் என்பதால் கல்லாவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருக்கிறேன். டீக்கடை அண்ணன் எழுதிய காலண்டர் அட்டையை அம்மா வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்கள்.